காளான் தட்டில் தண்ணீர்

உணவகத்துச் சமையலறையில் அவளுக்குப் போலீஸ் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனால் அவள் உள்ளே வரும்போது பேச்சு சட்டென்று நின்றால், அந்தப் பெயர்தான் அதுவரை ஓடிக்கொண்டிருந்தது என்று அவளுக்குத் தெரியும்.

பால் வாங்கினால் மோந்து பார்ப்பாள். மருத்துவர் தந்த மாத்திரையை மருந்துக்கடையில் காட்டி, "இது அதுதானா?" என்று கேட்பாள். கணவன் லாரி ஓட்டுகிறவன். ஊர் திரும்பினால் முதலில் அவன் சட்டையைத் தட்டிப் பார்ப்பாள். "தூசிதான்டி," என்பான் அவன். "தூசியா இருந்தா சரி," என்பாள்.

உணவகத்தில் வறுவல் அடுப்பு அவளுடையது. பக்கத்து அடுப்பு சூப்புக்காரருடையது. எதிரே காய் நறுக்கும் மேசையில் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. இருவரும் ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இருக்கிறார்கள். ஓரகத்தியை வேலைக்குச் சேர்த்துவிட்டது போலீஸ்தான். அது ஏன் என்று அவளையே கேட்டால், கண் முன்னால் இருக்கட்டும் என்றுதான் சொல்வாள்.

ஒரு முறை காளான் தட்டு உப்புக் கரித்துத் திரும்பி வந்தது. அவள் ஒரு தடவைதான் போட்டிருந்தாள். யாரோ இன்னொரு தடவை போட்டிருக்கிறார்கள் என்று முடிவு செய்தாள். மறுநாளிலிருந்து காளான் நறுக்கப்பட்டதும் தன் கையாலேயே உப்பைத் தூவிப் புரட்டி, ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக்கி மூடி, அடுப்புக்குக் கீழே காலருகே வைத்துக்கொண்டாள். இனி ஒருவர் விரலும் அதில் படாது.

பிறகுதான் அது ஆரம்பித்தது. தட்டுகள் வேறு விதமாகத் திரும்பின. ரொட்டித் துண்டின் மேல் இருக்கவேண்டிய பழுப்புக் காளான், சாம்பல் நிறத்தில் தண்ணீரில் மிதந்தது. பரிமாறுகிறவர் தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "சூப்பு கேக்கலையாம்க்கா. காளான்தான் கேட்டாங்களாம்."

சூப்புக்காரர் தலையைத் திருப்பாமல் சிரித்தார்.

முதலாளி அன்று மாலை வந்து அடுப்பருகே நின்றார். "இதோ பாரும்மா. இன்னும் ஒரு தட்டு இப்படி வந்துச்சுன்னா அடுப்பை உன் ஓரகத்திகிட்ட குடுத்துடுவேன். வீட்டுக்குள்ளதானே இருக்கப் போகுது."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளைச் சுட்டது. எதிரே ஓரகத்தி வெங்காயத்தைக் குனிந்து நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர். வெங்காயமா, சிரிப்பை அடக்குகிறாளா?

மறுநாள் காலை ஓரகத்தி காளானைச் சல்லடையில் போட்டுக் குழாயில் காட்டுவதைப் போலீஸ் பார்த்தாள்.

"அதான் பாத்தேன்! தண்ணியைக் குடிக்க வச்சு எனக்கு அனுப்பறே."

"மண்ணோட அனுப்பவா? அலசி உடனே துணியில ஒத்தறேன்க்கா. எப்பவும் இப்படித்தானே."

"எப்பவும் இப்படித்தானா, இல்ல இப்பத்தானா?"

அன்று காளானை அவளே எடுத்துக்கொண்டாள். ஒரு துளி தண்ணீர் காட்டாமல் ஈரத் துணியால் மட்டும் துடைத்தாள், நறுக்கினாள், உப்பிட்டாள், மூடினாள். மதியம் சட்டியில் போட்டதும் காளான் மறுபடியும் குளமாயிற்று. சட்டியிலிருந்து வந்தது வறுபடும் ஓசை அல்ல, கொதிக்கும் ஓசை.

அலசுவதில் இல்லை. அப்படியானால் சூப்புக்காரர். அவர் பெரிய அடுப்பைத் திறக்கும்போது தன் நெருப்பு சுருங்குகிறதோ? நீலச் சுடரையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது அசையவில்லை. "என்ன, அடுப்பையும் விசாரிக்கறீங்களா?" என்றார் அவர்.

பொறி வைப்பதைத் தவிர வழியில்லை என்று தீர்மானித்தாள். அடுத்த நாள் காலை, காளானை நறுக்கி வழக்கம்போல டப்பாவில் உப்பிட்டு மூடினாள். ஒரு கைப்பிடியை மட்டும் எதுவும் போடாமல் ஒரு தட்டில் பரப்பி, ஓரகத்தியின் கைக்கெட்டும் இடத்தில், மறந்துவிட்டவள் போல வைத்தாள். டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிடங்கு அறைக்குப் போய், கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். டப்பா மடியில் இருந்தது.

ஓரகத்தி கேரட்டை நறுக்கினாள். மூக்கைச் சொறிந்தாள். தட்டைப் பார்த்தாள். கேரட் தெறிக்காமலிருக்கத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். அவ்வளவுதான்.

போலீஸ் திரும்பி வந்து தட்டைத் தொட்டுப் பார்த்தாள். காளான் வைத்தபடியே காய்ந்திருந்தது. டப்பாவைத் திறந்தாள். காளான் துவண்டு கிடந்தது. அடியில் தண்ணீர் தளும்பியது. மூடியை மோந்தாள். டப்பாவைக் கவிழ்த்து ஓட்டை தேடினாள். சட்டியைத் தொடுவதற்கு முன்பே இந்தத் தண்ணீர் வந்திருக்கிறது. மடியை விட்டு டப்பா இறங்கவேயில்லை. உள்ளே போனது இரண்டுதான்: காளானும் அவள் கை உப்பும்.

சந்தேகப்பட ஆளே இல்லாமல் கொஞ்ச நேரம் நின்றாள். அது அவளுக்குப் பழக்கமில்லாத நிலை.

கனத்த இரும்புச் சட்டியை வெறுமனே அடுப்பில் ஏற்றினாள். எண்ணெய் விடவில்லை. நன்றாகக் காயவிட்டு ஒரு சொட்டு தண்ணீரைத் தெளித்தாள். அது உருண்டு ஓடி மறைந்தது. தட்டிலிருந்த காளானை ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்பினாள். சீறியது. கிளறக் கை துறுதுறுத்தது, கிளறவில்லை. ஈரம் வந்தது. வராமல் இல்லை. ஆனால் தேங்க இடம் கிடைக்குமுன் ஆவியாகிப் போனது. புரட்டியபோது அடிப்பக்கம் பழுப்பாயிருந்தது. மறுபக்கமும் சிவந்த பிறகு கொஞ்சம் வெண்ணெய், கடைசியில் உப்பு.

அப்போது மணி அடித்தது. "மூணு காளான்!" என்றார் பரிமாறுகிறவர். பின்னாலேயே முதலாளியும் வந்து நின்றார்.

ஓரகத்தியிடம் புதுக் காளான் வாங்கினாள். உப்பைத் தொடவில்லை. ஆனால் முதலாளியின் கண் முதுகில் குத்த, மூன்று பேருக்கானதையும் ஒரே மூச்சில் சட்டியில் கொட்டிவிட்டாள். சீறல் அடங்கியது. காளான் குவியலுக்குள்ளிருந்து ஆவி கிளம்பி வெளியேற வழியில்லாமல் புழுங்கியது. ஓரத்தில் தண்ணீர் ஊறத் தொடங்கியது.

"ஆரம்பிச்சிருச்சு," என்றார் முதலாளி.

அவள் முக்கால் பங்கை வழித்து ஒரு தாம்பாளத்தில் தள்ளினாள். சட்டியில் மிஞ்சியது விலகி விலகிப் படுத்தது. தீயை முழுதும் திறந்தாள். கொதிக்கும் ஓசை மெல்லத் தேய்ந்து, கடைசித் தண்ணீர் போனதும் மறுபடி சீறியது. அதை எடுத்துவிட்டு, சட்டி திரும்பச் சூடேறும்வரை வெறுமனே விட்டாள்.

"வாடிக்கையாளர் காத்திருக்காங்கம்மா."

"சட்டி காயட்டும். அவங்களும் காயட்டும்."

மிச்சத்தைப் பங்கு பங்காகப் போட்டு எடுத்தாள். மூன்று தட்டுகள் போயின. முதலாளி கூடத்துக் கதவருகே நின்று அவை மேசையில் இருப்பதைப் பார்த்தார். ஒன்றும் திரும்பவில்லை. "அடுப்பு உன்கிட்டயே இருக்கட்டும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சட்டியில் கடைசியாகச் சில துண்டுகள் இருந்தன. ஓரகத்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"உப்பை முன்னாடியே போட்டு மூடி வச்சா தண்ணி விடும்க்கா. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தியா?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? அடுப்பைப் பிடுங்கத்தான் வழி சொல்றாள்னு இன்னும் ஒரு கை உப்பு சேத்துப் போட்டிருப்பீங்க."

போலீஸ் யோசித்தாள். பொய் என்று சொல்ல முடியவில்லை. அதே சமயம், அடுப்பு கைக்கு வரட்டும் என்று இவள் காத்திருக்கவில்லை என்பதற்கும் அத்தாட்சி இல்லை. முகத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

சட்டியை அவள் பக்கம் தள்ளினாள். "தின்னு பாரு."

ஓரகத்தி காளானைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

"நீங்க முதல்ல தின்னுங்க," என்றாள்.