புளித்த தால்ச்சாவுக்கு ஒரு பதில்

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு எனக்கு எதுவுமே உறைக்கவில்லை. அழுகையும் வரவில்லை. ஆறுதல் சொல்ல வந்த பெண்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு திரும்பிப் போனார்கள். நான் இத்தாவில் இருந்தேன். கணவனை இழந்தவள் வீட்டைவிட்டு வெளியே போகாமல், பிற ஆண்கள் முன் வராமல் இருக்க வேண்டிய மாதங்கள் அவை. கச்சிராயபாளையம் சாலையில் இருக்கும் எங்கள் பிரியாணிக் கடையைக் கொழுந்தனார் பார்த்துக்கொண்டார்.

ஒரு காலையில் அவர் திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"அண்ணி, அண்ணன் போன எடுத்து மேப்புல நம்ம கடைய பாருங்க. ஒர்த்தன் இன்னா எழுதிக்கிறான்னு."

மேப்பில் கடைக்கு வரும் விமர்சனங்களுக்குப் பதில் போடுகிற கணக்கு அந்தப் போனில்தான் இருந்தது. திறந்தேன். ஒற்றை நட்சத்திரம். வெள்ளிமலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டு இறங்கி வரும்போது எங்கள் கடையில் சாப்பிட்டவர் எழுதியிருந்தார். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்த பருப்புத் தால்ச்சா புளித்துப்போயிருந்ததாம். சொன்னதற்கு, 'எல்லாரும் சாப்ட்டுக்கினுதான கீறாங்க' என்று பதில் வந்ததாம். குழந்தை பசியோடு எழுந்தது, யாரும் போகாதீர்கள் என்று முடித்திருந்தார். என்னைத் திட்டியது மாதிரியே இல்லை. ஏதோ வெளியூர்ச் செய்தியைப் படிப்பதுபோலப் படித்தேன்.

"அதுலேர்ந்து மலைக்குப் போற காரு ஒண்ணும் நிக்கல அண்ணி. இப்டியே போனா கடைய சாத்திக்கினு போவ வேண்டியதுதான்."

இரண்டு வீட்டு அடுப்பும் அந்தக் கடையை நம்பித்தான் எரிகிறது. அது மட்டும் எனக்குப் புரிந்தது.

"இன்னா போடணும்ன்ற?" என்றேன்.

"'தட்டு காலியாவ துன்னுட்டுப் போயி எழுதறியே, யார் சொல்லி எழுதற?'ன்னு போடுங்க. புகார் குடுத்தா தூக்கிடுவாங்கன்னும் சொல்றாங்க."

"பொய்யா இருந்தா தூக்குவாங்க. பொய்யா தம்பி?"

கொழுந்தனாருக்கு வாய் கொஞ்சம் நீளம், ஆனால் பொய் வராது. மெதுவாகச் சொன்னார். அது அண்ணனுக்கு நாற்பதாம் நாள் பாத்தியா ஓதிய தினம். கடையில்தான் சமைத்தோம். மதியம் எல்லாருக்கும் கொடுத்தது போக தால்ச்சா மிஞ்சிவிட்டது. அண்ணன் பேரில் ஓதிய சாப்பாட்டை எப்படிக் கீழே கொட்டுவது? நாலு பேர் வயிற்றுக்குப் போகட்டும் என்று மாலையில் புதிதாக வைத்த தால்ச்சாவோடு அதையும் ஊற்றிவிட்டார். வெயிலில் மூடிக் கிடந்தது அது. புதியதையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது. கரண்டியில் எடுத்து ருசி பார்க்கிற அண்ணன்தான் இல்லையே.

"அப்ப இதையே எழுதலாம் அண்ணி. அண்ணன் மௌத்தானத சொன்னா ஜனங்க எரக்கப்படும்."

"பசியோட எழுந்த கொழந்தைக்கு நம்ம வூட்டு மௌத்து எதுக்கு?"

எனக்கே தெரியாமல் குரல் உயர்ந்துவிட்டது. அவர் கிளம்பிப் போனார்.

அந்த மனிதர் திரும்பி வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவருக்குப் போடுகிற பதிலை மலைக்குக் கிளம்புகிற எல்லாரும் படிப்பார்கள். அவர்களை மனதில் வைத்து எழுதினேன்:

'நீங்கள் சொன்னது உண்மை. மதியம் மிஞ்சிய தால்ச்சாவை மாலையில் வைத்த தால்ச்சாவோடு கலந்துவிட்டோம். அதனால் புளித்தது. நீங்கள் சொன்னதும் மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். எதிர்த்துப் பேசியது அதைவிடப் பெரிய தப்பு. குழந்தை பசியோடு போனதற்கு மன்னியுங்கள். இனி வேளைக்கு வேளை தனிப் பாத்திரத்தில் வைப்போம். மிஞ்சியதைக் கலக்க மாட்டோம், தீர்ந்தால் தீர்ந்தது என்று சொல்லிவிடுவோம். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் முதலில் ஒரு கரண்டி ருசி பார்த்துவிட்டு உட்காரலாம்.'

'ஓனர்' என்ற பெயரில் அது ஏறியதும் கொழுந்தனாருக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். "நம்மளே நம்ம மானத்த வாங்கிக்கறோம்" என்றார். ஆனாலும் அன்றைக்கே வேளைக்கொரு பாத்திரமாக மாற்றிவிட்டார்.

கொஞ்ச நாள் ஒன்றுமில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே கூப்பிட்டார். ஒரு வேன் நின்றதாம். இறங்கிய அம்மா, "ருசி பாக்கலாம்னு போட்டுக்கிறீங்களே, குடுங்க பாக்கலாம்" என்று கையை நீட்டினாராம். எல்லாருமே உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். அடுத்த வாரம் கார்களும் வந்தன. ஒற்றை நட்சத்திரக்காரர் எதையும் மாற்றவில்லை. அது அவர் உரிமை. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, வரவில்லை.

ஒரு மாலையில் போனில் புது விமர்சனம் ஒன்று வந்திருந்தது. ஐந்து நட்சத்திரம்.

'ஓனர் பாய் பதிலைப் படித்துவிட்டுத்தான் போனோம். சொன்னபடியே இருந்தது. தப்பை ஒத்துக்கொள்கிற மனிதரை நேரில் பார்க்க ஆசைப்பட்டோம். பாய் கடையில் இல்லை என்றார்கள். அடுத்த முறை வரும்போது பார்க்கிறோம். பாய்க்கு எங்கள் சலாம் சொல்லுங்கள்.'

இரண்டு முறை படித்தேன். அப்புறம் எழுத்து தெரியவில்லை. போனை மடியில் போட்டுக்கொண்டு, அவர் போனதிலிருந்து முதல்முறையாக அழுதேன்.