கூட்டாளியின் சைட் மாதிரியே

என் சித்தப்பாவின் இரண்டாவது மகன் படங்களுக்குச் சட்டம் போடுகிறவன். எனக்குத் தம்பி முறை. சட்டத்தின் மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கும் கருவியின் பெயரால், வீட்டில் அவனுக்குப் பெயர் மூலைமட்டம். தட்டு கோணலாக இருந்தால்கூட நேராக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான். அவனும் அவன் கூட்டாளியும் பதினாறு வயதில் ஒரே பட்டறையில் தொழில் கற்றவர்கள். பிறகு ஆளுக்கொரு தெருவில் கடை. மாலையில் கடை சாத்தியதும் கூட்டாளி இவனுக்குப் போன் போடுவான். அது ஒரு நாளும் தவறியதில்லை.

மூன்று மாதத்துக்கு முன் அந்தக் கூட்டாளி மாரடைப்பில் போய்விட்டான். கடையைக் காலி செய்தாயிற்று. அவன் வெப்சைட் மட்டும் இருந்தது. அதன் இணைய முகவரிப் பதிவு மாதக் கடைசியோடு முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை என்று அவன் மனைவி சொன்னதிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை. அதில் அவன் சிரித்துக்கொண்டு நிற்கிறானே, அதை எப்படி விடுவது என்று என்னிடம் கேட்டான். எனக்கென்ன தெரியும்?

அந்த சைட்டைப் போட்ட பெண்ணையே தேடிப் போனான். அவள் வீட்டின் முன்னறையில் இரண்டு திரைகளை வைத்துக்கொண்டு தனியாக வேலை செய்கிறவள். கூட்டாளி இறந்தது அவளுக்குத் தெரியாது. இவனும் சொல்லவில்லை.

“அவனோடது மாதிரியே வேணும்மா.”

வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் கேட்பார்களாம். அதில் என்ன பிடித்தது, நிறமா, படங்களைக் காட்டும் விதமா என்று கேட்டிருக்கிறாள். எல்லாம்தான் என்றிருக்கிறான்.

“அப்படியே போட்டா, பாக்கறவங்க அவரோட கடைன்னு நினைச்சுப்பாங்க சார்.”

“நினைக்கட்டும்.”

“அவர் சண்டைக்கு வரமாட்டாரா?”

“வந்தா நல்லாத்தான் இருக்கும்.”

அவள் வேடிக்கைப் பேச்சென்று சிரித்துவிட்டாள். அமைப்பு தன்னுடையது, அதைத் திரும்பப் பயன்படுத்தலாம், எழுத்தும் படங்களும் மட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டாள். இவனுக்குப் புதிதாக ஒரு மெயில் முகவரியும் உண்டாக்கிக் கொடுத்தாள். பழைய சைட்டை அப்படியே ஒரு சோதனை முகவரியில் நகலெடுத்து, பெயர், போன் நம்பர், படங்கள் எல்லாவற்றையும் மாற்றினாள். அடியில் வாடிக்கையாளர்கள் எழுதிக் கேட்பதற்காக இருந்த விசாரணைப் படிவத்தின் உள்ளமைப்பைத் திறந்து பார்க்க மட்டும் மறந்துபோனாள். பிறகு லிங்க்கை அனுப்பி, எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள், படிவத்திலும் எழுதிப் பாருங்கள் என்றாள்.

மூலைமட்டம் கடையில் உட்கார்ந்து, ‘ஒரு சட்டம் வேண்டும்’ என்று எழுதி அனுப்பினான். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. ‘கடிதம் கிடைத்தது. கையெல்லாம் பசை. சாயங்காலம் நானே கூப்பிடுகிறேன்.’ கீழே கூட்டாளியின் பெயர்.

மெஷின் அனுப்புகிற பதில்தான், அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் அன்று கடை சாத்திய பிறகு போனை எதிரே வைத்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தான். மறுநாளும் எழுதினான். மூன்றாம் நாள், ‘நேற்று ஏன் கூப்பிடவில்லை?’ என்று கேட்டான். அதே பதில், அதே பசை.

ஐந்தாம் நாள் அந்தப் பெண்ணுக்குக் கூட்டாளியின் மனைவி போன் செய்தாள்.

“நீதானம்மா எங்க வீட்டுக்காரருக்கு சைட் போட்டது? தினம் கடை சாத்தற நேரத்துக்கு அதுலேர்ந்து ஒரு மெயில் வருது. ஏன் கூப்பிடலைன்னு கேக்குது. அவர் போன் இருக்கற ரூமுக்கு என் பொண்ணு போகவே மாட்டேங்கறா.”

“அவர் பாக்கலையாம்மா?”

“அவர் இல்லம்மா.”

படிவத்தைத் திறந்து பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. கடிதம் போய்ச் சேரும் முகவரி, எழுதியவருக்குத் தானாகப் போகும் பதில், இரண்டுமே பழையவை. மூலைமட்டத்தை வரச்சொன்னாள்.

“தப்பு என்னோடதுதான் சார். இப்பவே மாத்திடறேன்.”

“மாத்தாதம்மா.”

அவள் திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். பதில் இங்கிருந்து போகிறது. நீங்கள் எழுதியதெல்லாம் அந்த வீட்டுக்குப் போகிறது என்றாள். அதுவரை அவன் அதை யோசிக்கவே இல்லை. எழுதியது எங்கும் போய்ச் சேராது என்றுதான் நினைத்திருந்தான்.

“அண்ணி படிச்சாங்களா?”

“எல்லாத்தையும்.”

மாத்திடு என்று அவனே சொன்னான். முகவரியை மாற்றிவிட்டு, பதிலில் என்ன போடட்டும் என்று கேட்டாள். உனக்குத் தோணினதைப் போடும்மா என்றான். ‘கிடைத்தது’ என்று மட்டும் போட்டு வைத்தாள்.

அங்கேயே உட்கார்ந்து கூட்டாளியின் மனைவிக்குப் போன் போட்டான். காரியத்துக்குப் பிறகு அந்த வீட்டோடு அவன் பேசியது ஒரே தடவை.

“அண்ணி, அதை எழுதினது நான்தான்.”

திட்டுவாள் என்று காத்திருந்தான்.

“பதில் வந்துச்சா தம்பி?”

“வந்துச்சு அண்ணி.”

“என்னன்னு?”

கூட்டாளியின் பழைய பதிலைப் படித்துக் காட்டினான். அவள் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.