போக மறுத்த லட்சுமி

ராஜ்கோட் தன்சுக்பாய் வசானி, பெரிய கம்பெனிப் பங்குகளைக் "கிழட்டு மாடு" என்று விற்றுவிட்டு, தீபாவளியன்று லட்சுமி பூஜையோடு சிறிது நேரம் நடக்கும் முகூர்த்தப் பங்கு வர்த்தகத்தில் ஒரு சின்ன பம்பு கம்பெனியில் மொத்தத்தையும் போட்டார். விலை மும்மடங்கானது.

"பாதியையாவது வித்துடுங்க பாய்," என்றார் தரகர் கிரித்.

"முகூர்த்தத்துல வாங்கினது லட்சுமிய்யா. அவள எவனாவது விப்பானா?"

பாழாய்ப்போன சந்தை சரிந்தது. பெரிய பங்குகள் கொஞ்சம் இறங்கின. தன்னிடமிருந்த நடுத்தரக் கம்பெனிப் பங்குகளைப் பாதி விலைக்காவது விற்றுக் கிரித் தப்பித்தார். பம்பு பங்கோ தினமும் சந்தை திறந்ததுமே ஒரு நாளில் இவ்வளவுதான் இறங்கலாம் என்று சந்தை விதித்த வரம்பைத் தொட்டு, விற்பனை நடக்காமல் உறைந்தது.

"கிடைச்ச விலைக்குத் தள்ளிவிடுய்யா!"

"வாங்க ஒரு ஆளில்ல பாய்."

அடுத்த தீபாவளி முகூர்த்தத்துக்கும் தன்சுக்பாய் விற்கத்தான் வந்து உட்கார்ந்திருந்தார். லட்சுமி அவரைவிட்டுப் போகவே இல்லை.