காக்கை கொத்தியதற்கு ஒரு பொய்ச்சாவு

வள்ளிக்கண்ணு என்றால் பொன்மலையில் எங்கள் குடியிருப்பு வரிசையில் இன்றைக்கும் அந்தக் காக்கையைத்தான் சொல்வார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த மூக்கனுக்கு வாழ்க்கைப்பட்டு மண்ணச்சநல்லூரிலிருந்து வந்தவள் அவள். பக்கத்து வீட்டுக்காரி நான், அமலராணி. உறைமோர் வாங்க வந்தாளென்றால் அரை நாள் போய்விடும், அப்படி ஒரு வாய். பேசுவதில் பாதி அவளுடைய அம்மா காளியாயியைப் பற்றியே இருக்கும். புருஷன் போனபிறகு அரிசி ஆலைக் களத்தில் நெல் காயவைத்து, இந்த ஒற்றைப் பெண்ணை வளர்த்தவள் காளியாயி.

முப்பத்தாறாம் வருஷம், அக்னி நட்சத்திரம் தொடங்கிய சமயம். குழாயடி வேப்பமரத்துக் கூட்டிலிருந்து ஒரு காக்கைக் குஞ்சு கீழே விழுந்து கிடந்தது. பூனை பதுங்கி வருவதைப் பார்த்த வள்ளிக்கண்ணு அதைக் கையில் அள்ளிக் கிளைக் கவட்டில் வைத்தாள். தாயும் தகப்பனும் அவள் தலைக்கு மேலே கத்தித் தீர்த்தன. நான் குடத்தோடு பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

மறுநாளிலிருந்து அவள் குழாயடிக்குப் போனாலே பின்மண்டையில் ஒரு அடி விழுந்தது. எங்களைப் பார்த்துக் காக்கைகள் கத்துவதோடு சரி. மூன்றாம் நாள் அவளுக்கு ரத்தமே வந்துவிட்டது.

வரிசையில் கூடிக் கூடிப் பேசினார்கள். காக்கை தலையில் தட்டினால் சாவுக்கு அறிகுறியாம். பிறந்த வீட்டுக்குப் பொய்ச்சாவு எழுதிப் போட்டு, அவர்கள் அழுதுவிட்டால் கண்டம் கழிந்துவிடுமாம். மறுநாள் நிஜத்தை எழுதிக்கொள்ளலாமாம்.

"அம்மா தாங்காதுங்க," என்றாள் வள்ளிக்கண்ணு.

"ஒரு நாள் அழுதா என்ன? நீ உசுரோட இருந்தாப் போதும்," என்றான் மூக்கன். பெரிய ஆம்பிளை, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

அவர்கள் இருவருக்கும் எழுதத் தெரியாது. கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்த நான்தான் எழுதித் தரவேண்டும். எங்கள் வேதத்தில் இதெல்லாம் கிடையாது என்று மறுத்திருக்கலாம். சிரித்துக்கொண்டே எழுதினேன், படுபாவி. 'வள்ளிக்கண்ணு நேற்று காய்ச்சலில் தவறிவிட்டாள்' என்று ஒரு கார்டு. காலையிலேயே தபாலில் போட்டான் மூக்கன்.

மறுநாள் மத்தியானம், தந்திக் கம்பங்களில் ஏறி வேலை செய்யும் ரெங்கராஜ் குழாயடிக்குத் தண்ணீர் குடிக்க வந்தார். வருஷா வருஷம் கம்பத்தில் காக்கை கட்டும் கூடுகளைப் பிரித்து, கொத்து வாங்கி வாங்கி மண்டை தழும்பேறியவர். வள்ளிக்கண்ணுவின் தலையில் காயத்துக்குப் போட்டிருந்த கட்டைப் பார்த்ததும் கேட்டார்.

"குஞ்சைத் தொட்டியாம்மா?"

"பூனை தின்னுடுமேன்னு எடுத்து வெச்சேங்க."

"அதான். காப்பாத்துனியா, திருட வந்தியான்னு அதுக்கு எப்படித் தெரியும்? தொட்டவங்க முகத்தை மறக்காது. குஞ்சு பறக்கற வரைக்கும், ரெண்டு மூணு வாரம் இப்படித்தான். நேரா அதைப் பாத்துக்கிட்டே நட, கிட்ட வராது. முதுகைக் காட்டுனாத்தான் அடிக்கும். சாவும் இல்ல, சனியும் இல்ல."

அவள் குஞ்சை எடுத்ததை நான் கண்ணால் பார்த்தவள். ஒரு வார்த்தை யோசித்தேனா?

வள்ளிக்கண்ணு பட்டறை வாசலுக்கு ஓடினாள். மூக்கன் அரை நாள் விடுப்புச் சொல்லி, யாருடைய சைக்கிளையோ வாங்கிக்கொண்டு மண்ணச்சநல்லூருக்கு மிதித்தான். நிஜத்தை எழுதிப் போட்டால் அது போய்ச் சேர இன்னொரு நாள் ஆகும், அதுவரை காத்திருக்க அவளுக்கு மனம் வரவில்லை.

கார்டு அன்று காலையிலேயே அரிசி ஆலைக்குப் போய்விட்டிருந்தது. கணக்குப்பிள்ளை படித்துக் காட்டியிருக்கிறார். காளியாயி அழவில்லையாம். கடைத்தெருவுக்குப் போனாளாம், பஸ்ஸுக்கு நிற்காமல் நடக்கத் தொடங்கிவிட்டாளாம். டோல்கேட் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில், உச்சி வெயிலில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. பாலத்தில் கூடிய கூட்டத்தை விலக்கிப் பார்த்த மூக்கனுக்கு, அது தன் மாமியார் என்று புரியவே நேரமானதாம்.

பொழுது சாய மாட்டு வண்டி எங்கள் வரிசைக்குள் வந்தது. அம்மா திட்டிக்கொண்டே இறங்குவாள் என்று சோறாக்கி வைத்துவிட்டு வாசலில் நின்றிருந்தாள் வள்ளிக்கண்ணு. அவள் அழுத அழுகையை நான் எழுத மாட்டேன்.

குளிப்பாட்ட எடுத்தபோது காளியாயியின் இடுப்பில் ஒரு துணி மூட்டை இருந்தது. பிரித்தேன். மடிப்புக் கலையாத சிவப்புச் சேலை. செத்த மகளுக்குப் போர்த்தப் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டிய கோடி.

"எனக்கு எடுத்ததா அக்கா?" என்றாள் வள்ளிக்கண்ணு.

நான் சேலையை அவளிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கி உதறி, அம்மாவுக்குப் போர்த்தினாள்.