இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறிகள்

அந்த வாரம் நான் திருத்தியது அறுபது கள ஆய்வு அறிக்கைகள். எல்லாம் வாலாஜாபாத் அரிசி மில்களைப் பற்றியவை. நாற்பதாவது தாளுக்குமேல் கண் எரிந்தது. அப்போதுதான் ஒரு மாணவியின் தாள் வந்தது. தலைப்புகளின் இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறிகள். முதல் வரியே "நிச்சயமாக!" என்று தொடங்கியது. ஏஐ செயலியிடம் கேட்டு வாங்கி, அது போடும் குறிகளோடு அப்படியே ஒட்டியிருக்கிறாள். சிவப்பு மையில் வட்டமிட்டுப் பூஜ்யம் போட்டேன்.

மறுநாள் துறை அறைக்கு வந்தாள். "மில்லுல உக்காந்துக்கினு கேட்டு எழுதினேன் மேம். ஏஐகிட்ட தமிழை மட்டும் சரி பண்ணச் சொன்னேன்."

நீட்டிய நோட்டில் தவிட்டுத் தூசி படிந்திருந்தது. அறிக்கையில் இருந்த அத்தனையும் அதில் கோணல்மாணலாக இருந்தது. நான் வட்டமிட்ட வரியை அப்போதுதான் முழுசாகப் படித்தேன்: "நிச்சயமாக! உங்கள் குறிப்புகளை மாற்றாமல், மொழியை மட்டும் திருத்தியிருக்கிறேன்." முதல் சொல்லோடு நிறுத்தியது நான்தான்.

சந்தேகம் வந்து, இருபதுக்குப் பதினெட்டு மதிப்பெண் வாங்கிய பையனைக் கூப்பிட்டு எந்த மில்லுக்குப் போனாய் என்று கேட்டேன். அவன் தாளில் ஒரு நட்சத்திரமும் கிடையாது.

"எல்லா மில்லும் ஒரே மாதிரிதான மேம் இருக்குது?" என்றான்.

அவன் போனதும் அவள் மெதுவாகக் கேட்டாள்: "நானும் அந்த நட்சத்திரத்தையெல்லாம் அழிச்சிட்டுக் குடுத்திருந்தா மார்க் போட்டிருப்பீங்களா மேம்?"

போட்டிருப்பேன்.