எண்ணூற்று நாற்பது மண்மூட்டைகள்

கட்டுகஸ்தோட்டையில், நகரசபைக் களஞ்சியத்துக்குப் பதினாறு வருடமாகப் பொறுப்பு கோகிலவாணிதான். மகாவலி ஆறு பெருகிய காலையில் மேற்பார்வையாளர் நஸீப் வந்து நின்றார்.

“போன முறை இருபது மீட்டருக்கு ஒரு அடி உயரம், எரநூத்தி நாப்பது மண்மூட்டை. இப்ப ரெண்டு அடி. நானூத்தி எம்பது தாங்க, மிஸ்.”

“ஒத்தச் செவரா கட்டப் போறீங்க, சேர்? தண்ணி ஒரே தள்ளுல சாச்சிடும். ஒரு அடிக்கு மூணு அடுக்கு. கீழ மூணு வரிசை, மேல ரெண்டு, அதுக்கு மேல ஒண்ணு. ஆக ஆறு. ரெண்டு அடின்னா ஆறு அடுக்கு, கீழயே ஆறு வரிசை வேணும். ஆறுலருந்து ஒண்ணு வரைக்கும் கூட்டினா இருபத்தொண்ணு. வரிசைக்கு நாப்பது மூட்டை.”

எண்ணூற்று நாற்பது. மூட்டைக்கு இருபது கிலோ; கிட்டத்தட்டப் பதினேழு தொன். அவளே நின்று லொறிகளில் ஏற்றிவிட்டாள்.

ஆற்றுநீர் ஐந்தாம் அடுக்கு வரை ஏறிப் பார்த்துவிட்டு இறங்கியது.

அடுத்த மழைக்கு நஸீப் அனுப்பிய படிவத்தில் நீளமும் உயரமும் மட்டுமே இருந்தன. எண்ணிக்கைக் கட்டத்தை அவளுக்காக வெறுமையாக விட்டிருந்தார்.