பட்ஜெட்டில் ஏறாத பங்கு

விண்ணப்பத்தில் கஷ்டமாக இருக்கும் என்று நான் நினைத்தது ‘ஏன் அனிமேஷன்?’ என்ற கேள்விதான். அது ஒரே மாலையில் முடிந்துவிட்டது. இரவில் வலை இழுக்கும்போது படகிலிருந்து தவறி விழுந்தவர் ஒருவர், உடல் கிடைக்கவில்லை. அந்த இரவைப் படம் பிடித்தவர் யாருமில்லை. அவருடைய மனைவி தன் முகம் திரையில் வருவதற்குச் சம்மதிக்கவில்லை. எங்களிடம் இருப்பது அந்த மனைவியின் குரல் மட்டும். காட்ட எதுவும் இல்லாததால் வரைகிறோம் என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரு வாக்கியம்கூடத் தேவைப்படவில்லை.

நான் காரைக்காலில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியை. அந்த அம்மா எங்கள் தெருவில் பல வருடங்களாக மீன் விற்கிறவர். மீனை ஆய்ந்துகொண்டே துண்டு துண்டாகச் சொன்ன கதையை ஒருநாள் முழுதாகச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தேன். படத்தை இயக்கி வரையப்போகிறவர் கோட்டுச்சேரியில் வீட்டிலிருந்தபடியே சென்னை ஸ்டுடியோ ஒன்றுக்கு வேலை செய்யும் அனிமேட்டர். ஏழு நிமிடக் குறும்படம். குறும்படங்களுக்கு நிதி தரும் ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்கத் தீர்மானித்தோம். எழுத்து வேலையும் கணக்கும் என் பொறுப்பு.

பட்ஜெட்டின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு நியாயம் எழுத வேண்டும். அது எனக்குப் பிடித்த வேலை. வினாடிக்குப் பன்னிரண்டு படங்கள். ஒருவர் ஒரு நாளில் நான்கு வினாடிக்குத்தான் முடித்துத் தர முடியும். ஏழு நிமிடம் என்பது நானூற்று இருபது வினாடி. ஆகவே நூற்றைந்து வேலை நாட்கள். வண்ணம் தீட்ட ஓர் உதவியாளர், ஒலிக்கலவை, ஆங்கில வசன வரிகள், எதிர்பாராச் செலவுக்கு ஐந்து சதவீதம். புதிய கணினி கேட்கவில்லை. அனிமேட்டரிடம் இருப்பதையே எங்கள் பங்களிப்பாகக் காட்டினேன். எங்கும் இடறவில்லை. கடைசியாகக் குரலுக்குரிய வரி. எவ்வளவு எழுதலாம் என்று அந்த அம்மாவிடமே கேட்டேன்.

“எவ்வளவுன்னா? எனக்கு ஒரு பங்கு போடுங்க.”

“தொகையாச் சொல்லுங்கக்கா.”

“புடிக்கிறதுக்கு முன்னாடியே தொகை எப்புடிச் சொல்றது? டீசலு, ஐஸு செலவெல்லாம் கழிச்சு மிஞ்சுறதுல, படகுல போனவங்களுக்கு ஆளுக்கொரு பங்கு. உங்க படத்துக்கும் அப்புடித்தானே? படம் ஓடலன்னா எனக்கு ஒண்ணும் வேணாம்.”

இந்தச் சொல் அவருக்கு என்ன என்பது பதிவிலேயே இருக்கிறது. கணவர் போன பிறகும் சில மாதங்கள், கரையில் காசு பிரிக்கும்போது, படகுக்காரர் எல்லார் முன்னாலும் அவர் பேரைச் சொல்லி ஒரு பங்கு எடுத்து வைத்திருக்கிறார். படகு கைமாறியதும் அது நின்றது. “அன்னைக்குத்தான் டீச்சரம்மா அவரு செத்தாரு” என்று சொல்லியிருக்கிறார். எங்கள் படம் முடியும் இடமும் அதுதான்.

அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்: குரல் தருபவருக்கு, செலவு போக வரும் வருமானத்தில் ஒரு பங்கு. தொகைக் கட்டத்தில் சுழியம்.

“மேடம், சுழியத்துக்கு நியாயம் எழுதுறவங்க நீங்க ஒருத்தர்தான்” என்று அனிமேட்டர் சிரித்தார்.

முதல் சரிபார்ப்பு முடிந்ததும் அறக்கட்டளையிலிருந்து ஓர் அலுவலர் கூப்பிட்டார். மரியாதையான மனிதர். “மத்த வரியெல்லாம் ரொம்பத் தெளிவா இருக்குங்க மேடம். இந்த ஒண்ணு மட்டும் எங்க விதியில வராது. வருமானத்துல யாருக்கும் பங்கு தர்றதாச் சொல்லக் கூடாது. உரிமை முழுசா விண்ணப்பதாரர்கிட்ட இருக்கணும். மதிப்பூதியம்னு ஒரு தொகை போட்டு, அவங்ககிட்ட இசைவுப் பத்திரம் வாங்கி அனுப்பிடுங்க. இல்லன்னா அடுத்த சுற்றுக்குப் போகாது.” ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்.

மறுநாள் காலை அந்த அம்மா மீன் கூடையை இறக்கியதும் மதிப்பூதியம் என்ற சொல்லை அவரிடம் சொன்னேன்.

“அப்புடின்னா?”

“மரியாதைக்காகக் குடுக்குற காசு.”

“மீன்புடி தடைக்காலத்துல கவர்மெண்டு குடுக்குற நிவாரணம் மாதிரியா?”

“நிவாரணம் இல்லக்கா. நீங்க பேசுனதுக்கு.”

“பேசுனதுக்குக் காசா? அப்ப கூலின்னு சொல்லுங்க, புரிஞ்சிட்டுப் போவுது. அந்தக் கதைய நான் கூலிக்குச் சொல்லல டீச்சரம்மா.” கோபமாகச் சொல்லவில்லை. இறாலின் தலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்.

அனிமேட்டர் ஒரு வழி சொன்னார். “பத்திரத்துல தொகையப் போட்டுருவோம். பங்கை நாம வெளியில குடுத்துக்கலாம்.” வேறு உடன்பாடு எதுவும் இல்லை என்று விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் நான் கையெழுத்திட வேண்டும். ஆனாலும் அந்த அம்மாவிடம் இதையும் கேட்டுப் பார்த்தேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அவர் சிரித்துவிட்டார். “ஒளிச்சுக் குடுத்தா அது பங்கா? படகுல எழுத்தே கெடையாது. ஆனா எல்லாரும் பாக்கத்தான் பிரிப்பாங்க.”

நான் அலுவலரைத் திரும்ப அழைத்தேன். பங்கு என்பதை இணைத் தயாரிப்பாளர் என்று எழுதலாமா? எழுதலாம், ஆனால் இணைத் தயாரிப்பாளர் பதிவு பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும். கதை ஆலோசகர்? அதற்கும் நிலையான தொகைதான். பங்குக்குப் பதிலாகப் படத்தின் தலைப்பில் அந்த அம்மாவின் பெயரைப் போடலாமே என்றார். முகத்தையே காட்டாதவர் பெயரை எப்படிப் போடுவேன்? “உங்க நிலைமை எனக்குப் புரியுதுங்க மேடம்” என்றார் அவர். உண்மையாகவே அவருக்குப் புரிந்திருந்தது. விதியை எழுதியவர் அவர் இல்லை.

வாரத்தின் கடைசி நாள் இசைவுப் பத்திரத்தைத் தமிழில் எழுதி, அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரே முறை தரப்படும் தொகையுடன் எல்லா உரிமையும் விண்ணப்பதாரரைச் சேரும் என்ற வரி வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“அப்ப நான் கரையிலேயே எறங்கிக்கிறேன்.”

“நீங்க பேசலன்னா படமே இல்லக்கா.”

“கதைய எடுத்துக்கங்க. அது ஊருக்கே தெரியும். கொரல் மட்டும் வேணாம்.”

கூடையைத் தலைக்குத் தூக்க நான்தான் ஒரு பக்கம் கைகொடுத்தேன். அவர் போன பிறகு கணினி முன் உட்கார்ந்தேன். விண்ணப்பத்தை விட்டுவிடலாம் என்றால், அனிமேட்டர் வேறு வேலைகளைத் தள்ளிவைத்து முதல் ஒரு நிமிடத்துக்கான ஓவியங்களை முடித்திருந்தார். அதில் கடல் மட்டும்தான் இருக்கிறது. குரல் வரக் காத்திருக்கிற கடல். அவரிடம் சொன்னபோது, “என்ன செய்யணுமோ செய்ங்க மேடம்” என்றார். அந்தப் பதில் எனக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

குரல் நடிகை, ஒருவர். ஒலிப்பதிவுக் கூடம், அரை நாள். விலைப்புள்ளி இணைப்பில். இந்த வரியை எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தொகையும் நியாயமும் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தின. அனுப்பினேன். ‘இப்போது பட்ஜெட் முழுவதும் தெளிவாக உள்ளது’ என்று பதில் வந்தது. அடுத்த சுற்றுக்கும் தேர்வாகிவிட்டோம்.

அந்த அம்மா இப்போதும் எங்கள் தெருவுக்கு வருகிறார். பேச்சில் எந்த மாற்றமும் இல்லை. சென்ற வாரம் மத்தி வாங்கும்போது அவராகவே கேட்டார்.

“எனக்குப் பதிலா யாரு பேசுறா?”

“சென்னையில ஒருத்தங்க.”

“நம்ம ஊரு பேச்சு வருமா அவளுக்கு?”

“சொல்லிக்குடுக்கணும்.”

“யாரு சொல்லிக்குடுப்பா?”

பட்ஜெட்டில் அதற்கு வரி இல்லை. இனிச் சேர்க்கவும் முடியாது. அவர் மத்தியை நிறுத்து என் பாத்திரத்தில் போட்டுவிட்டு, “ஒரு நாளைக்கு அவள இங்க கூட்டிட்டு வாங்க” என்றார்.